ஒரு லிட்டர் நல்லெண்ணெய் எத்தனை கிராம்?

மளிகைக் கடையில் டின் கணக்கில் எண்ணெய் வாங்கிப் பழகியவர்கள் விலை கேட்பதற்கு முன்பே இன்னொன்றைக் கேட்டுவிடுவார்கள்: “அண்ணாச்சி, இது பதினஞ்சு கிலோ டின்னா, பதினஞ்சு லிட்டர் டின்னா?” இரண்டு டின்னும் பார்ப்பதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் நல்லெண்ணெய் தண்ணீரைவிட லேசானது. நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் நல்லெண்ணெயின் எடை 910 கிராமை ஒட்டித்தான் வரும். அப்படியானால் 15 லிட்டர் டின்னில் இருப்பது 13 கிலோ 650 கிராம். கிலோ டின்னோடு ஒப்பிட்டால் 1 கிலோ 350 கிராம் குறைவு. எண்ணெய் கிலோ 400 ரூபாய் விற்கும் நாளில் அந்த ஒரு கேள்விக்கு 540 ரூபாய் மதிப்பு.

கைப்பேசியில் எண்ணெய் வாங்கும்போது கேட்பதற்கு அண்ணாச்சி இல்லை. டின்னைத் தூக்கிப் பார்க்கவும் முடியாது. பின்பக்கம் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்கவும் முடியாது. பாட்டிலின் முன்பக்கப் படம், கொட்டை எழுத்தில் தள்ளுபடி, கீழே ஒரு பச்சைப் பொத்தான், அவ்வளவுதான் கண்ணில் படும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான், பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டிய விவரங்கள் விற்பனைப் பக்கத்திலும் இருக்க வேண்டும் என்று, பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. 2018 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், பொருளின் பொதுப்பெயர், நிகர அளவு, வரிகள் எல்லாம் அடங்கிய அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு விவரம், இறக்குமதி என்றால் எந்த நாட்டுச் சரக்கு என்பது, இவ்வளவும் வாங்குவதற்கு முன்பே கண்ணில் பட வேண்டும். உணவுப் பொருளாக இருந்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் லேபிள் விதிகளும் சேர்ந்துகொள்ளும். உரிம எண், மூலப்பொருள்கள், சைவ அசைவக் குறி, சத்து விவரம் ஆகியவை அந்தக் கணக்கு.

இந்த விவரங்களைப் பக்கத்தில் போடுவது ஒன்று, அவை நமக்கு எதைச் சொல்கின்றன என்பது வேறொன்று. அதற்கு ஒரு நல்லெண்ணெயை எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

செயலியில் ‘நல்லெண்ணெய்’ என்று தேடியதும் மூன்று பொருள்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் போட்டவை. முதலாவது ஒரு பாட்டில். 1 லிட்டர், பக்கத்திலேயே 910 கிராம் என்று போட்டிருக்கிறது. எம்.ஆர்.பி. 450 ரூபாய், விற்கும் விலை 410. இரண்டாவது ஒரு பாக்கெட். 850 கிராம். எம்.ஆர்.பி. 480 ரூபாயை அடித்துவிட்டு 390 ரூபாய்க்குத் தருகிறார்கள். மூன்றாவது ஒரு லிட்டர் பாட்டில், விலை 190 ரூபாய் மட்டும்.

விலைவாசி இருக்கிற இருப்பில் மூன்றாவதில்தான் கை போகும். அதைக் கடைசியில் பார்ப்போம். முதல் இரண்டில், சிக்கனமானவர் என்று பெயர் எடுத்த யாரும் இரண்டாவதைத்தான் எடுப்பார். விலை 20 ரூபாய் குறைவு, தள்ளுபடியோ 19 சதவீதம். முதலாவதில் 9 சதவீதம்தான். இப்போது எடையால் வகுத்துப் பாருங்கள். 410 ரூபாய்க்கு 910 கிராம் என்றால் கிலோ 450 ரூபாய் 55 காசு. 390 ரூபாய்க்கு 850 கிராம் என்றால் கிலோ 458 ரூபாய் 82 காசு. தள்ளுபடி இரண்டு மடங்கு உள்ள பாக்கெட்டில்தான் எண்ணெய் விலை அதிகம்.

அந்த 850 கிராம் எங்கிருந்து வந்தது? முன்பு சமையல் எண்ணெய், பிஸ்கட், டீத்தூள் போன்ற பல பொருள்களை இன்னின்ன அளவுகளில்தான் பொட்டலம் கட்ட வேண்டும் என்று விதிகளில் ஓர் அட்டவணை இருந்தது. 2021-இல் கொண்டுவந்த திருத்தத்தில் அந்த அட்டவணையை எடுத்துவிட்டார்கள். இன்று 850 கிராம், 870 கிராம் என்று எந்த அளவிலும் அடைத்து விற்கலாம். அதில் சட்ட மீறல் ஒன்றும் இல்லை. ஆனால் பாக்கெட்டின் உருவம் மட்டும் நமக்குப் பழகிப்போன ஒரு லிட்டர் பாக்கெட்டைப் போலவே இருக்கும், கைப்பேசிப் படத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. அளவு அட்டவணையை எடுத்ததற்கு ஈடாக ‘அலகு விலை’ என்ற ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். ஒரு கிலோவுக்குக் குறைவான பொட்டலம் என்றால் கிராமுக்கு இவ்வளவு, அதற்கு மேல் என்றால் கிலோவுக்கு இவ்வளவு என்று பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும். திரவத்துக்கு மில்லிலிட்டர், லிட்டர் கணக்கு.

நல்ல ஏற்பாடுதான், ஆனால் நம் எடுத்துக்காட்டில் இது பாதிதான் உதவுகிறது. பாக்கெட்டில் 480-ஐ 850-ஆல் வகுத்து ‘கிராமுக்கு 0.56 ரூபாய்’ என்று போட்டிருப்பார்கள். பாட்டிலிலோ ஒரு லிட்டரின் விலையே எம்.ஆர்.பி.தான் என்பதால் தனியாக அலகு விலை போட வேண்டியதில்லை. ஒன்று கிராம் கணக்கு, இன்னொன்று லிட்டர் கணக்கு. அதோடு அச்சிட்ட அலகு விலை எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்டது. நாம் கொடுக்கும் தொகை வேறு. ஆகவே எண்ணெய் வாங்கும்போது பக்கத்தில் எந்த அலகில் என்ன போட்டிருந்தாலும், நாம் உண்மையில் கொடுக்கப்போகும் பணத்தைக் கிராம் எடையால் வகுப்பது ஒன்றே நம்பகமான வழி. கைப்பேசியிலேயே கால்குலேட்டர் இருக்கிறது, அரை நிமிட வேலை.

இந்த வகுத்தலுக்கு ‘910 கிராம்’ என்ற எண் வேண்டும். லிட்டரோடு கிராமையும் சேர்த்துப் போடும் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு சிறிய வரலாறு உண்டு. எண்ணெய் சூடானால் விரியும். எடை மாறாது, கொள்ளளவு கூடும். சில நிறுவனங்கள் லேபிளில் ‘1 லிட்டர்’ என்று பெரிதாகப் போட்டுவிட்டு, பக்கத்தில் சின்னதாக ஒரு வெப்பநிலையையும் குறிப்பிட்டு வந்தன. அது 60 டிகிரி செல்சியஸ் வரைகூடப் போனது. யார் வீட்டு அலமாரியில் எண்ணெய் 60 டிகிரியில் இருக்கிறது? மத்திய நுகர்வோர் துறை 2022 ஆகஸ்டில் இதைச் சுட்டிக்காட்டியபோது ஒரு கணக்கும் கொடுத்தது. ஒரு லிட்டர் சோயா எண்ணெயின் எடை 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். அதாவது அதே ‘ஒரு லிட்டர்’, ஆனால் 26 கிராம் எண்ணெய் குறைவு. வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கொள்ளளவோடு எடையையும் எழுதும்படி லேபிள்களைத் திருத்த 2023 ஜனவரி 15 வரை அவகாசம் தந்தார்கள். இன்று ஒரு விற்பனைப் பக்கத்தில் வெறும் ‘1 லி’ என்று மட்டும் இருந்தால், பின்பக்க லேபிளின் படத்தைத் திறந்து கிராமைத் தேடுங்கள். பக்கத்திலும் இல்லை, படத்திலும் இல்லை என்றால் வேறு பொருளைப் பார்ப்பது நல்லது.

நிகர அளவு என்பது டப்பா, பாக்கெட் எடை நீக்கி உள்ளே இருக்கும் பொருளின் அளவு. இதை எழுதும் விதத்திலும் விதி உண்டு. ‘சுமார்’, ‘குறைந்தபட்சம்’, ‘சராசரி’ போன்ற சொற்களை அளவோடு சேர்க்கக்கூடாது. சிறு தயாரிப்பாளர்களின் பக்கங்களில் ‘சுமார் 500 கிராம்’ என்று பார்த்திருப்பீர்கள். அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தமில்லை. விதி தெரியாமல் எழுதுகிறவர்களே அதிகம். ஆனால் குறைந்துபோனால் கேட்பதற்கு உங்களிடம் பிடி இருக்காது.

குறைந்துபோனதை வீட்டில் தெரிந்துகொள்ள முடியுமா? ஓரளவு முடியும். பாட்டில் வந்ததும் சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தீர்ந்ததும் காலி பாட்டிலை நன்றாக வடியவிட்டு எடை போட்டுக் கழியுங்கள். வருவது 905 கிராம் என்றால் சண்டைக்குப் போக வேண்டாம். அடைக்கும் இயந்திரத்தில் சிறு ஏற்றத்தாழ்வு இருக்கும் என்பதால் சட்டமே ஒரு விலக்கு தருகிறது. 500 கிராமிலிருந்து ஒரு கிலோ வரையுள்ள பொட்டலத்துக்கு அது 15 கிராம். 910 கிராம் பாட்டிலில் 895-க்குக் கீழே போனால்தான் அந்த ஒரு பாட்டில் வரம்பைத் தாண்டியதாகும். இதை வைத்து எல்லாப் பாட்டிலிலும் பத்துப் பத்து கிராமாகக் குறைத்து அடைக்கலாமே என்று தோன்றும். அதற்கும் வழியை அடைத்திருக்கிறார்கள். ஆய்வாளர் ஒரு தொகுதியிலிருந்து பல பொட்டலங்களை எடுத்து எடை போடும்போது, அவற்றின் சராசரி அறிவித்த அளவுக்குக் குறையக்கூடாது. வீட்டுத் தராசும் இரண்டு மூன்று கிராம் முன்பின் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

விலைக்கு வருவோம். எம்.ஆர்.பி. என்ற மூன்றெழுத்துக்கு நம்மிடையே அளவுக்கு மீறிய மரியாதை இருக்கிறது. அரசாங்கம் நிர்ணயித்த நியாய விலை என்றே பலர் நினைக்கிறார்கள். 1990-க்கு முன்பு பொட்டலத்தின் மேல் ஒரு விலை போட்டு ‘உள்ளூர் வரிகள் தனி’ என்று சேர்த்துவிடலாம். வரி என்ற பெயரில் கடைக்காரர் இஷ்டத்துக்குக் கூட்டி வாங்குவார். அதைத் தடுக்கத்தான் எல்லா வரியும் அடங்கிய விலையைப் போடும் முறை வந்தது. அந்த விலை எவ்வளவு என்று முடிவு செய்கிறவர் தயாரிப்பாளர்தான். நல்லெண்ணெய்க்கு 480 என்று போட வேண்டுமா, 900 என்று போட வேண்டுமா என்று அவரை யாரும் கேட்பதில்லை. போட்ட விலைக்கு மேல் யாரும் விற்கக்கூடாது, அவ்வளவே. ஆகவே அடித்துக் காட்டிய எம்.ஆர்.பி.யிலிருந்து கணக்கிட்ட தள்ளுபடி சதவீதம், எண்ணெய் மலிவு என்பதற்குச் சாட்சியம் ஆகாது. நம் பாக்கெட்டின் 19 சதவீதத்தை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு வேலைக்கு எம்.ஆர்.பி. மிகவும் பயன்படும். விற்பனைப் பக்கத்தில் காட்டிய எம்.ஆர்.பி.யும், வீட்டுக்கு வந்த பாட்டிலின் மேல் அச்சிட்ட எம்.ஆர்.பி.யும் ஒன்றுதானா என்று பாருங்கள். பக்கத்தில் 450 என்று அடித்துக் காட்டிவிட்டுப் பாட்டிலில் 400 என்று இருந்தால், நீங்கள் கொடுத்த 410 சட்டப்படி அதிக விலை. விலையின் மேல் ஸ்டிக்கர் இருந்தாலும் கவனியுங்கள். விலையைக் குறைப்பதற்காக மட்டுமே ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். இன்னொன்று, வரியைத் தனியாகச் சேர்க்க முடியாதே தவிர, டெலிவரிக் கட்டணம், கையாளும் கட்டணம் என்று பில்லின் அடியில் சேர்கிறவை எம்.ஆர்.பி. கணக்கில் வருவதில்லை. நூறு ரூபாய்ப் பொருளுக்கு நாற்பது ரூபாய்க் கட்டணம் வந்தால் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் புகார் எம்.ஆர்.பி. விதியில் நிற்காது.

இனி, யார் செய்தது என்ற கேள்வி. மரச்செக்கு எண்ணெய்க்கு இப்போது நல்ல மவுசு. ‘எங்கள் செக்கில் ஆட்டியது’ என்று வாகை மரச் செக்கின் படத்தோடு வரும் பக்கங்கள் ஏராளம். அவற்றில் உண்மையாக ஆட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், பேரலில் எண்ணெய் வாங்கி பாட்டிலில் அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். முகவரி வரியைப் படித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ‘தயாரித்தவர்’ என்பது ஒன்று, ‘அடைத்தவர்’ என்பது வேறு, ‘சந்தைப்படுத்துபவர்’ என்பது முற்றிலும் வேறு. செக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் ஓடுகிறது என்று கதை சொல்லும் பக்கத்தில் ‘சந்தைப்படுத்துபவர்’ என்ற ஒரு முகவரி மட்டும் இருந்தால், ஆட்டியவர் யார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முகவரி என்றால் ‘கோவை’ என்று ஊர்ப் பெயரை மட்டும் போட்டால் போதாது. தபால் போட்டால் போய்ச் சேரும் முழு முகவரி வேண்டும். பல செயலிகளில் ‘விற்பவர்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு கிடங்கின் முகவரி வரும். அது எண்ணெயைச் செய்தவரின் முகவரி அல்ல.

முகவரியைச் சரிபார்க்க உதவும் சாவி அந்தப் பதினான்கு இலக்க உரிம எண். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையோடு உணவுப் பொட்டலங்களில் இருப்பது இதுதான். இதை ஒரு சம்பிரதாய முத்திரையாகவே பலரும் கடந்துபோகிறார்கள், ஆனால் எண்ணிலேயே செய்தி இருக்கிறது. முதல் இலக்கம் 1 என்றால் உரிமம். 2 என்றால் சிறு தொழில் செய்கிறவர்களுக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 24. அங்கே 00 என்று இருந்தால் மத்திய உரிமம், பெரிய நிறுவனங்கள் பெறுவது. அதற்கடுத்த இரண்டு, வழங்கிய ஆண்டு. ஆக 12419 என்று தொடங்கும் எண், தமிழ்நாட்டில் 2019-இல் வழங்கிய மாநில உரிமம். 224 என்று தொடங்கினால் தமிழ்நாட்டுச் சிறு தொழிலாளி ஒருவரின் பதிவு. வீட்டிலேயே பருப்புப் பொடி, ஊறுகாய் செய்து விற்கும் பெண்கள் பலரிடம் இருப்பது இந்தப் பதிவுதான். 2-இல் தொடங்குவதால் சரக்கு மட்டம் என்று எண்ணிவிட வேண்டாம்.

foscos.fssai.gov.in என்ற தளத்தில் உரிம எண்ணை இட்டுத் தேடலாம். கட்டணம் எதுவும் இல்லை. அங்கே வரும் பெயரும் முகவரியும் லேபிளில் உள்ளவைதானா, உரிமம் நடப்பில் இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா என்பதை முதலில் பாருங்கள். பிறகு எந்தத் தொழிலுக்காக, எந்தப் பொருளுக்காக உரிமம் பெற்றிருக்கிறார் என்று பாருங்கள். உரிமம் வாங்கும்போது உற்பத்தியாளரா, வாங்கி மறுபடி அடைப்பவரா, வெறும் வியாபாரியா என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். ‘எங்கள் செக்கில் ஆட்டியது’ என்கிறவரின் உரிமம் மறுபொட்டலம் கட்டுவதற்கானது என்றால், செக்கின் படத்தைப் பற்றி நீங்கள் ஒரு முடிவுக்கு வரலாம். என்னைக் கேட்டால், விற்பனைப் பக்கத்தில் இருக்கும் எல்லா வரிகளிலும் பிராண்டு பற்றிய கதையை நேருக்கு நேர் சோதித்துப் பார்க்க உதவுவது இந்த எண் ஒன்றுதான்.

இங்கே ஒரு பொதுவான குழப்பத்தைச் சொல்ல வேண்டும். உணவு விற்கும் இணையத் தளமும் தனக்கென ஓர் உரிமம் வைத்திருக்க வேண்டும். அந்த எண்ணைப் பக்கத்தின் அடியில் போட்டிருப்பார்கள், வழக்கமாக 100 என்று தொடங்கும். விற்பவருக்கும் ஒரு எண் இருக்கும். தயாரித்தவருக்கு இன்னொன்று. எண்ணெயைப் பற்றிச் சொல்வது தயாரித்தவரின் எண் மட்டுமே. பக்கத்தில் ஏதோ ஒரு பதினான்கு இலக்க எண் இருக்கிறது என்பதற்காகத் திருப்தி அடைந்துவிடக்கூடாது. உரிமம் இருப்பதாலேயே எண்ணெய் சுத்தமானது என்றும் ஆகிவிடாது. இவர் இந்த இடத்தில் இந்தத் தொழில் செய்ய அனுமதி பெற்றவர் என்பதே அதன் பொருள். பாட்டிலில் உள்ள எண்ணெயை யாரும் சோதித்துச் சான்று தந்ததாக அது சொல்லவில்லை.

பொருளின் பெயரையும் ஊன்றிப் படிக்க வேண்டும். இரண்டு எண்ணெய்களைக் கலந்து விற்க அனுமதி உண்டு. ஆனால் அதை ‘கலப்புச் சமையல் எண்ணெய்’ என்றுதான் சொல்ல வேண்டும். எந்தெந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்று லேபிளில் போட வேண்டும், அக்மார்க் முத்திரையும் கட்டாயம். தலைப்பில் ‘நல்லெண்ணெய்’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, விவரத்தில் ‘கலப்பு’ என்று வந்தால் அது தவறான பெயர். ‘டபுள் ரிஃபைண்ட்’, ‘கொலஸ்ட்ராலை எதிர்ப்பது’, ‘இதயத்துக்கு இதமானது’ என்பன போன்ற வாசகங்களையும் சமையல் எண்ணெய் லேபிளில் போட விதி இடம் தருவதில்லை. பக்கத்தில் அவற்றைப் பார்த்தால், அதை எழுதியவருக்கு மற்ற விதிகளிலும் அக்கறை குறைவு என்று எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது அந்த 190 ரூபாய் பாட்டில். தேடலில் நல்லெண்ணெய்களுக்கு நடுவே வந்தது, மஞ்சள் நிறம், லேபிளில் எள்ளுப் பூ. விவரத்தைத் திறந்தால் உரிம எண் இல்லை, சைவப் புள்ளி இல்லை, சத்து அட்டவணை இல்லை. நிகர அளவும் எம்.ஆர்.பி.யும் முகவரியும் மட்டும் இருக்கின்றன. எங்கோ ஒரு மூலையில் ‘உண்பதற்கு அல்ல’ என்று ஒரு வரி. அது விளக்கேற்றும் தீப எண்ணெய். விற்பவர் சட்டத்தை மீறவில்லை. பொட்டலப் பொருள் என்ற வகையில் அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறார். உணவு இல்லை என்பதால் உணவுக்கான விவரங்கள் இல்லை. அவசரத்தில் வாங்கித் தோசைக்கு ஊற்றினால் பிழை நம் வீட்டில்தான் நடக்கும். பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளியும் பதினான்கு இலக்க எண்ணும் இரண்டும் இல்லாத எண்ணெய் அடுப்பங்கரைக்குள் வர வேண்டாம்.

விற்பனைப் பக்கத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத ஒன்று, அடைத்த தேதியும் காலாவதித் தேதியும். அது மறைப்பு அல்ல. கிடங்கில் இன்று ஒரு தொகுதி, நாளை வேறு தொகுதி என்று சரக்கு மாறிக்கொண்டே இருப்பதால், தொகுதி எண்ணையும் தேதிகளையும் பக்கத்தில் காட்டுவதிலிருந்து விதிகளே விலக்கு தருகின்றன. அதற்கு மாற்றாக, வீடு வந்து சேரும்போது உணவுப் பொருளின் ஆயுளில் 30 சதவீதமோ, காலாவதிக்கு 45 நாளோ மீதம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. 2024 நவம்பரிலும் இணைய நிறுவனங்களை அழைத்து இதை வலியுறுத்தியது. ஒன்பது மாத ஆயுளுள்ள எண்ணெய் என்றால் 30 சதவீதம் என்பது ஏறக்குறைய 80 நாள். பெருந்தள்ளுபடியில் வந்த பாட்டிலில் இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி என்று தெரிந்தால், தள்ளுபடிக்குக் காரணம் புரிந்துவிடும், திருப்பி அனுப்பவும் காரணம் கிடைத்துவிடும். ஆகவே டெலிவரிப் பையன் படியிறங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது தேதியைத்தான்.

புகார் என்று வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள். எடை, விலை, முகவரி விடுபட்டது எல்லாம் சட்டமுறை எடையளவுப் பிரிவைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் கீழ் இருக்கிறது. உரிமம், கலப்படம், தவறான பெயர், காலாவதி ஆகியவை உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போக வேண்டும். எடை குறைந்ததற்கு உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் போய் நின்றால் அவர் கை விரிப்பது அலட்சியத்தால் அல்ல, அது அவர் அதிகாரத்தில் இல்லை. எது எங்கே என்று பிரிக்கத் தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம்.

எந்தக் கதவானாலும் கேட்கப்போவது ஆதாரம். இணையப் பக்கம் நீங்கள் புகார் கொடுத்த மறுநாளே திருத்தியமைக்கப்படலாம். அதனால் ஆர்டர் போடும் முன்பே அளவும் விலையும் முகவரியும் தெரியும்படி பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பொருள் வந்ததும் மூடியைத் திறப்பதற்கு முன் லேபிளின் நாலு பக்கத்தையும் படம் எடுங்கள். பில்லை அழித்துவிடாதீர்கள். இந்த மூன்றும் கையில் இருந்தால் புகார் நிற்கும்.